பிஎஃப் ட்ரஸ்ட் ஆடிட்: "அது பழைய வித்தியாசம் மேடம்"

கேள்வி: சார், நான் சி.ஏ. முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. முதல் தடவையா ஒரு மில்லோட எக்ஸெம்ப்டட் பிஎஃப் ட்ரஸ்ட் ஆடிட் வந்திருக்கு, 2023-24 கணக்கு, சுமார் 400 மெம்பர். பேலன்ஸ் ஷீட்ல இருக்கற மெம்பர்ஸ் பாக்கியும் மெம்பர் வாரியான லிஸ்ட்டோட கூட்டுத்தொகையும் 4 லட்சத்து சொச்சம் ஒத்து வரல. கேட்டா "அது பழைய வித்தியாசம் மேடம், வருஷா வருஷம் இருக்கறதுதான்"ங்கறாங்க. இதை எங்க இருந்து பிடிக்கறது? வட்டி குடுத்தது போக உபரி வேற காட்டியிருக்காங்க, அதை அப்படியே எடுத்துக்கலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

வணக்கம்மா. எது பெருசுன்னு நீங்க எழுதல, பேலன்ஸ் ஷீட்டா லிஸ்ட்டா? எவ்வளவு உதைக்குதுங்கறத விட எந்தப் பக்கம் உதைக்குதுங்கறதுதான் முதல்ல தெரியணும். லிஸ்ட் பெருசா இருந்தா யாருக்கோ காசு போயிருக்கு ஆனா அவர் கணக்குல கழிக்கல, இல்லாட்டி யாருக்கோ வட்டி ரெண்டு தடவை ஏறியிருக்கு. பேலன்ஸ் ஷீட் பெருசா இருந்தா கதை வேற, ட்ரஸ்டுக்கு காசு வந்திருக்கு ஆனா யார் பேர்லயும் ஏறல, இல்ல ஒருத்தர் கணக்கை மூடிட்டாங்க, அவர் காசு மட்டும் ட்ரஸ்ட்லயே கிடக்குது. ரெண்டாவது வகைல யாரும் சத்தம் போட மாட்டாங்க, ஏன்னா ட்ரஸ்டுக்கு நஷ்டம் இல்ல, நஷ்டப்பட்ட ஆளுக்கு விஷயமே தெரியாது. அதனாலதான் அது வருஷக்கணக்கா தூங்கும்.

அடுத்து அந்த "பழைய வித்தியாசம்"ங்கற பேச்சு. அதை சோதிக்க அரை மணி நேரம் போதும். கடைசி மூணு வருஷத்து மார்ச் 31 வித்தியாசத்தை பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. நிஜமாவே பழசுன்னா மூணு வருஷமும் அதே தொகை, பைசா மாறாம இருக்கணும். மாறியிருந்தா ஒவ்வொரு வருஷமும் புதுசா ஏதோ சேர்ந்துட்டே வருதுன்னு அர்த்தம், அப்ப பழசுன்னு சொல்றவருக்கு அது என்னன்னே தெரியாதுன்னும் அர்த்தம்.

நான் பாத்த ஒரு மில் ட்ரஸ்ட் கணக்கையே சொல்றேன், பேர் வேண்டாம். அதே 2023-24 தான். பேலன்ஸ் ஷீட் பெருசு, வித்தியாசம் 3,86,450. அங்கயும் இதே டயலாக், பழசு சார்னு. எடுத்து எழுதினா 2022 மார்ச்ல வித்தியாசமே இல்ல, 2023 மார்ச்ல 2,13,650, 2024 மார்ச்ல 3,86,450. ஆக 2,13,650 போன வருஷம் பொறந்தது, இந்த வருஷம் பொறந்தது 1,72,800. ஒரு பெரிய மர்மம் ரெண்டு சின்ன மர்மமா உடைஞ்சிருச்சு பாருங்க. தேடறதுக்கு வருஷமும் தெரிஞ்சிருச்சு தொகையும் தெரிஞ்சிருச்சு.

1,72,800ஐ முதல்ல எடுத்தோம். ஜிஎல்ல மெம்பர்ஸ் கணக்குக்கு மாசாமாசம் ஏறின கான்ட்ரிபியூஷன் ஒரு காலம், மெம்பர் லெட்ஜர்ல அந்த மாசம் போஸ்ட் ஆன மொத்தம் பக்கத்து காலம், அவ்வளவுதான் ஒர்க்கிங். ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் பைசா சுத்தமா ஒத்துப் போகுது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் நாலு மாசமும் 43,200 உதைக்குது. நாலு மாசமும் ஒரே தொகைன்னா அது ஆள் சம்பந்தப்பட்டது, கூட்டல் தப்பு இப்படி வராது. சம்பள ரெஜிஸ்டரை எடுத்தா நவம்பர் மாசம் புதுசா ஆறு பேர் சேர்ந்திருக்காங்க, பேசிக் ப்ளஸ் டிஏ ஆளுக்கு 30,000. தொழிலாளி பங்கு 12% 3,600, கம்பெனி பங்கு 3,600, ஆளுக்கு 7,200, ஆறு பேருக்கு 43,200. அவங்க யூஏஎன்ல ஆதார் பேரும் எச்ஆர் குடுத்த பேரும் இனிஷியல்ல ஒத்து வராம நின்னு போயிருக்கு, மெம்பர் நம்பர் உருவாகல, சாஃப்ட்வேர் நம்பர் இல்லாத ஆளை சத்தமில்லாம தாண்டிப் போயிருக்கு. காசு கம்பெனில இருந்து கரெக்டா வந்து பேங்க்ல இருக்கு. அந்த ஆறு பேர் பேர்ல மட்டும் ஒரு ரூபா இல்ல.

இங்க ஒரு சின்ன கிளை. வழக்கமா கம்பெனி பங்கு முழுசா ட்ரஸ்டுக்கு வராது, 8.33% பென்ஷன் ஸ்கீமுக்கு போகும், 15,000 சம்பள உச்சவரம்புல அது 1,250. அப்படின்னா 30,000 வாங்கற பழைய ஆளுக்கு கம்பெனி பங்குல ட்ரஸ்டுக்கு வர்றது 2,350 தான். ஆனா 2014 செப்டம்பர் 1க்கு அப்புறம் முதல் தடவையா பிஎஃப்ல சேர்ற ஆளுக்கு சேரும்போதே சம்பளம் 15,000க்கு மேலன்னா அவர் பென்ஷன் ஸ்கீம்ல சேரவே முடியாது, 3,600மும் ட்ரஸ்டுக்குதான் வரணும். அவர் புதுசா, வேற கம்பெனில ஏற்கனவே மெம்பரா இருந்தவராங்கறது சேரும்போது குடுக்கற ஃபார்ம் 11ல இருக்கும். புதுசா சேர்ந்தவங்க ஃபார்ம் 11 எல்லாத்தையும் பாருங்க, சாம்பிள் எல்லாம் வேண்டாம், 400 மெம்பர் ட்ரஸ்ட்ல வருஷத்துக்கு எத்தனை பேர் சேரப் போறாங்க. தகுதி இல்லாதவருக்கு 1,250 பென்ஷனுக்கு போயிட்டே இருந்தா பத்து வருஷம் கழிச்சு அவர் பென்ஷன் கேக்கும்போதுதான் குண்டு வெடிக்கும்.

கான்ட்ரிபியூஷன் பாக்கறப்ப ட்ரஸ்ட் ஆபீஸ் குடுக்கற ஸ்டேட்மென்ட்டோட நிக்காதீங்க. ட்ரஸ்ட் புக்ஸ் ட்ரஸ்ட் புக்ஸோட எப்பவும் ஒத்துப் போகும். கம்பெனியோட சம்பள ரெஜிஸ்டர், ட்ரஸ்ட் பேங்க் ஸ்டேட்மென்ட், மெம்பர் லெட்ஜர் மூணும் ஒரே மேஜைல இருக்கணும். காசு அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள ட்ரஸ்ட் பேங்க்ல வந்திருக்கான்னு தேதி பாருங்க, கம்பெனி வவுச்சர் தேதி வேண்டாம், பேங்க்ல வரவான தேதி. அப்புறம் எந்த சம்பளத்து மேல 12% போட்டிருக்காங்கன்னு பாருங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுக்கற அலவன்ஸ் பேசிக்லயே சேரும்னு 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதுக்கு அப்புறமும் "ஸ்பெஷல் அலவன்ஸ்"னு ஒரு தனி காலத்துல பாதி சம்பளத்தை ஒதுக்கி வெச்சிருக்கற ரெஜிஸ்டர் நான் நிறைய பாத்துட்டேன்.

இப்ப 2,13,650. இது 2022-23ல பொறந்தது, கான்ட்ரிபியூஷன் பக்கம் பாத்தா அந்த வருஷம் எல்லாம் சுத்தம். அப்ப செட்டில்மென்ட்லதான் இருக்கணும். ஜிஎல்ல மெம்பர்ஸ் கண்ட்ரோல் கணக்கை எடுத்து மெம்பர் நம்பர் இல்லாத என்ட்ரி எது எதுன்னு மட்டும் பிரிச்சோம். டிசம்பர்ல ஒரே ஒரு வரவு, "என்இஎஃப்டி ரிட்டர்ன்"னு ரெண்டே வார்த்தை. அக்டோபர்ல ரிட்டயர் ஆன ஒரு ஃபிட்டர், ஃபைனல் செட்டில்மென்ட் அனுப்பியிருக்காங்க, அவர் பேங்க் இன்னொரு பேங்கோட சேர்ந்து ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கு, பாஸ்புக் பழசு, பணம் திரும்பி வந்திருச்சு. கிளார்க் அதை மெம்பர்ஸ் கண்ட்ரோல்ல வரவு வெச்சுட்டார். லெட்ஜர்ல அந்த ஃபிட்டர் கணக்கு "செட்டில்ட், பாக்கி பூஜ்யம்". அந்த மனுஷன் ரெண்டு தடவை ஆபீஸ் வந்திருக்கார், ஸ்க்ரீனைப் பாத்துட்டு "உங்களுக்கு அனுப்பியாச்சுண்ணா, பேங்க்ல போய் கேளுங்க"ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க, பேங்க்ல போனா அவங்க "இங்க ஒண்ணும் வரலீங்க"ன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒன்றரை வருஷம்.

1,72,800ம் 2,13,650ம் கூட்டிப் பாருங்க, 3,86,450. தீர்ந்துச்சு.

அந்த மில்லுல அது சோம்பேறித்தனம், திருட்டு இல்ல. ஆனா பிஎஃப் ட்ரஸ்ட்ல திருட்டு நடக்கறதுன்னா ரொம்ப சுலபமான இடம் இதேதான். திரும்பி வந்த பணம், யார் பேர்லயும் இல்ல, ஆறு மாசம் பொறுத்து வேற அக்கவுண்ட் நம்பர் போட்டு அனுப்பினா மெம்பர் லெட்ஜர்ல ஒரு கோடும் விழாது, ஏன்னா அது ஏற்கனவே பூஜ்யம். அதனால ரிட்டர்ன் ஆன ஒவ்வொரு பேமென்ட்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருந்து நீங்களே பொறுக்கி எடுங்க, அது மறுபடி எங்க போச்சு, எந்த அக்கவுண்டுக்கு, அந்த அக்கவுண்ட் யார் பேர்ல, கேன்சல்டு செக் இருக்கான்னு கடைசி வரைக்கும் போங்க. சரியான முறைன்னா திரும்பி வந்த பணம் அவர் பேரோட "குடுபடாத செட்டில்மென்ட்"னு தனி தலைப்புல நிக்கணும், கண்ட்ரோல்ல கரைஞ்சு போகக்கூடாது.

செட்டில்மென்ட்ல இன்னும் ரெண்டு விஷயம். எச்ஆர் கிட்ட வருஷத்துல வேலையை விட்டவங்க, ரிட்டயர் ஆனவங்க, இறந்தவங்க லிஸ்ட் தனியா வாங்குங்க, ட்ரஸ்ட் ஆபீஸ் வழியா வேண்டாம். அதை செட்டில்மென்ட் லிஸ்ட்டோட ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. போயிட்டாரு ஆனா காசு போகலன்னா சும்மா பெண்டிங்கா இருக்கலாம். காசு போயிருக்கு ஆனா ஆள் இன்னும் ஷிஃப்ட் பாத்துட்டு இருக்காருன்னா உக்காந்து கேள்வி கேளுங்க.

இறந்தவங்க கேஸ்ல நாமினேஷன் ஃபாரத்தோட தேதியைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி குடும்பம்னு யாரும் இல்லாதப்ப அண்ணன் பேரை எழுதிக் குடுத்திருப்பார், அப்புறம் கல்யாணம் ஆகியிருக்கும், குடும்பம் வந்த அந்த நிமிஷமே பழைய நாமினேஷன் செல்லாது, ஸ்கீம்லயே அப்படித்தான் இருக்கு. ஃபைல்ல ஃபாரம் இருக்குன்னு அண்ணனுக்கு செக் போட்டுட்டா ட்ரஸ்ட் தப்பான ஆளுக்கு குடுத்திருக்கு, அந்த விதவை கேட்டு வந்தா மறுபடி குடுக்கணும். அஞ்சு வருஷம் சர்வீஸ் முடியாம வெளிய போனவங்களுக்கு 50,000மும் அதுக்கு மேலயும் போயிருந்தா டிடிஎஸ் பிடிச்சாங்களான்னும் ஒரு பார்வை.

இனி உங்க ரெண்டாவது கேள்வி, உபரி. எக்ஸெம்ப்டட் ட்ரஸ்ட் ஈபிஎஃப்ஓ அறிவிக்கற வட்டிக்கு குறைவா குடுக்க முடியாது, 2023-24க்கு அது 8.25%. ட்ரஸ்ட் வருமானம் பத்தலன்னா பற்றாக்குறையை கம்பெனி கைல இருந்து போடணும். இதனால என்ன ஆகும், மார்ச் மாசக் கடைசில கம்பெனி ஃபைனான்ஸ் ஆள் ட்ரஸ்ட் கிளார்க்கை கூப்பிட்டு "பற்றாக்குறை வராம பாத்துக்கப்பா"ம்பார். கிளார்க்கும் பாத்துக்குவார். அவர் எப்படி பாத்துக்கிட்டார்ங்கறதுதான் நீங்க கண்டுபிடிக்க வேண்டியது.

முதல்ல வட்டி குடுத்த பக்கம். நாலஞ்சு பேருக்கு கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. ஓப்பனிங் 8,00,000, மாசம் ரெண்டு பங்கும் சேர்த்து 5,950 ஏறுதுன்னு வைங்க. ஓப்பனிங்குக்கு முழு வருஷ வட்டி 66,000. மாசாமாசம் ஏறினதுக்கு அது ஏறின அடுத்த மாசம் 1ஆம் தேதில இருந்துதான் வட்டி, ஏப்ரல்ல ஏறினதுக்கு 11 மாசம், மே மாசத்துக்கு 10, இப்படியே போய் மார்ச்சுக்கு ஒண்ணும் இல்ல, மொத்தம் 66 மாசம். 5,950ஐ 66ஆல பெருக்கி மாச வட்டி வீதம் போட்டா 2,700 வரும். ஆக 68,700. சாஃப்ட்வேர் 66,000ல நின்னா ஓடற பாக்கிக்கு வட்டியே போடல, மெம்பர் காசை சாப்பிட்டுத்தான் உபரி வந்திருக்கு. நடு வருஷத்துல செட்டில் ஆனவங்களுக்கு, 2023-24ல இருந்த விதிப்படி, பணம் போன மாசத்துக்கு முந்தின மாசம் வரைக்கும் வட்டி போட்டாங்களான்னும் பாருங்க, இது அடிக்கடி விட்டுப்போகும்.

அப்புறம் வருமானப் பக்கம், இங்கதான் சுவாரஸ்யம். அதே மில் ட்ரஸ்ட்ல உபரி 1,35,000 காட்டியிருந்தாங்க. ஜனவரி 1ல ஒரு அரசு கடன் பத்திரம் வாங்கியிருக்காங்க, முகமதிப்பு 50 லட்சம், கூப்பன் 8%, வட்டி ஏப்ரல் 1லயும் அக்டோபர் 1லயும் வரும். விலை 104, அதாவது 52 லட்சம். ஆனா பேங்க்ல இருந்து போனது 53 லட்சம். அந்த எக்ஸ்ட்ரா 1 லட்சம் என்னன்னா, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மூணு மாச வட்டி வித்தவருக்கு சேர வேண்டியது, அதை நாம முன்கூட்டியே குடுத்துட்டு ஏப்ரல்ல முழு ஆறு மாச கூப்பனா 2 லட்சம் வாங்கிக்கறோம். கிளார்க் என்ன பண்ணியிருக்கார், 53 லட்சத்தையும் பத்திரத்தோட விலைன்னு எழுதிட்டு, மார்ச் 31ல 2 லட்சத்தையும் வருமானம்னு காட்டிட்டார். அதுல பாதி நம்ம காசே நம்மகிட்ட திரும்பி வர்றது. வருமானம் 1 லட்சம் ஊதியிருக்கு. இதை கண்டுபிடிக்க வழி சிம்பிள், பத்திரம் வாங்கின ஒவ்வொரு டீல் ஸ்லிப்லயும் விலை தனியா, சேர்ந்த வட்டி தனியான்னு ரெண்டு வரி இருக்கும், லெட்ஜர்ல ஒரே வரியா இருந்தா மாட்டிக்கிச்சு.

104க்கு வாங்கினது முதிர்வுல 100 தான் வரும், அந்த 2 லட்சம் பிரீமியத்தை மீதி இருக்கற எட்டு வருஷத்துக்கு பிரிச்சு வருஷம் 25,000 கழிக்கணும், இந்த மூணு மாசத்துக்கு 6,250. அவங்க கழிக்கல. கழிக்காம விட்டா இன்னைக்கு இருக்கற மெம்பர்ஸ் நல்லா வட்டி வாங்கிட்டு போவாங்க, எட்டாவது வருஷம் யார் இருக்காங்களோ அந்த வருஷத்து கணக்குல மொத்த நஷ்டமும் விழும்.

மூணாவதா வட்டி கட்டறதை நிறுத்திட்ட ஒரு கம்பெனியோட பாண்ட், முகமதிப்பு 5 லட்சம், 8.5%. அதுக்கும் 42,500 வரவேண்டிய வட்டின்னு போட்டிருந்தாங்க. பாண்ட் ரேட்டிங் நல்லா இருந்தப்பதான் வாங்கினோம்னு சொல்வாங்க, ஐஎல் அண்ட் எஃப்எஸ் கூட 2018 நடுப்பகுதி வரைக்கும் ட்ரிபிள் ஏ தான், செப்டம்பர்ல டி ஆயிருச்சு. வாங்கினப்ப இருந்த ரேட்டிங் வாங்கினது தப்பில்லன்னு சொல்ல உதவும், வராத வட்டியை வருமானம்னு காட்ட உதவாது. வரவேண்டிய வட்டி லிஸ்ட்ல ஒவ்வொண்ணும் ஏப்ரல், மே மாச பேங்க் ஸ்டேட்மென்ட்ல நிஜமா வந்திருக்கான்னு பாத்தா இது தானா வெளிய வந்துரும். அசலுக்கே ஒதுக்கீடு வேணுமான்னு அடுத்த பேச்சு.

கூட்டுங்க. 1,00,000, 6,250, 42,500, மொத்தம் 1,48,750. உபரி 1,35,000 போய் 13,750 பற்றாக்குறையா நின்னுச்சு. சின்ன தொகைதான், ஆனா பக்கம் மாறிருச்சு, கம்பெனி போட்டாகணும்.

முதலீடு நிஜமா இருக்கான்னு பாக்க டீமேட் ஸ்டேட்மென்ட்டும், அரசு பத்திரம் வெச்சிருக்கற பேங்க் கன்ஃபர்மேஷனும் உங்க ஆபீஸ் மெயிலுக்கு நேரா வரவழைங்க, ஜெராக்ஸ் வேண்டாம். ட்ரஸ்ட் பேர்ல இருக்கணும், கம்பெனி பேர்ல இருந்தா அது ட்ரஸ்ட் சொத்தே இல்ல. அரசு நோட்டிஃபை பண்ண முதலீட்டு பேட்டர்னோட ஒப்பிடறப்ப மொத்த கையிருப்பை வெச்சு சதவீதம் போடாதீங்க, அந்த வருஷம் புதுசா முதலீடு பண்ண தொகையை வெச்சுப் போடுங்க.

செலவுப் பக்கம் ஒரே ஒரு வரி பாத்தா போதும், ஆடிட் ஃபீஸ். ட்ரஸ்ட் நிர்வாகச் செலவு பூரா கம்பெனி தலைல, அது எக்ஸெம்ப்ஷன் கண்டிஷன். உங்க ஃபீஸையே மெம்பர்ஸ் காசுல இருந்து எடுத்து வெச்சிருந்தாங்கன்னா இன்ஸ்பெக்ஷன் சார்ஜ், டீமேட் சார்ஜ், பேங்க் சார்ஜ் எல்லாம் அதே வழில போயிருக்கும். அந்த மில்லுல அப்படித்தான் இருந்துச்சு, என் ஃபீஸ்க்கு நானே குவாலிஃபிகேஷன் எழுத வேண்டியதாப் போச்சு, அப்புறம் கம்பெனில இருந்து ட்ரஸ்டுக்கு திருப்பிக் கட்டினாங்க.

உங்க 4 லட்சத்துக்கு வருவோம். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அதை பேர் பேரா பிரிச்சு வாங்குங்க, ஒவ்வொரு பேருக்கும் எந்த வருஷம், என்ன காரணம், என்ன அட்ஜஸ்ட்மென்ட்னு. சஸ்பென்ஸ்ல இருந்து லாபத்துக்கு தள்ளி மூடறேன்னு சொன்னா விடாதீங்க, அது மெம்பரோட காசு. பிரிக்க முடியாம மிச்சம் நின்னா அந்த மிச்சத் தொகையையும் அது எத்தனை வருஷமா நிக்குதுங்கறதையும் எண் போட்டு ரிப்போர்ட்ல எழுதுங்க, "பொருத்தம் பார்க்கப்படுகிறது"ன்னு போன ஆடிட்டர் எழுதின வாசகத்தை காப்பி பண்ணாதீங்க. ட்ரஸ்ட் மீட்டிங்ல தொழிலாளர் தரப்பு ட்ரஸ்டிகளும் இருப்பாங்க, அவங்க முன்னாடி அந்த லிஸ்ட்ட படிங்க. எங்க கேஸ்ல "அந்த ஃபிட்டர் எங்க வீதிதாங்க"ன்னு ஒருத்தர் எழுந்து சொல்லி அன்னைக்கு சாயங்காலமே புது பாஸ்புக் வாங்கிட்டு வந்துட்டார். தாமதமான மாசங்களுக்கு வட்டியும் சேர்த்து கம்பெனி குடுத்துச்சு.